பிணையாளரின் கையெழுத்து

(அரசு அலுவலர்களும் சட்ட மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

நாட்டின் எந்த மாவட்டத் தலைநகரிலும் காலை பத்தரை மணிக்குக் குற்றவியல் நீதிமன்ற வளாகத்திற்குச் சென்று நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். வழக்கறிஞரின் குமாஸ்தா ஒருவர் அச்சிட்ட தாளொன்றை நீட்டுகிறார். சிறு வியாபாரியோ, விவசாயியோ, ஆலைத் தொழிலாளியோ அதில் கையெழுத்திடுகிறார், அல்லது கைநாட்டு வைக்கிறார். சில மணி நேரத்தில் அவருடைய உறவினரோ நண்பரோ காவலிலிருந்து விடுபட்டு வெளியே வருகிறார். கையெழுத்திட்டவரிடம் அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றுதான் கிடைக்கும். “அது வெறும் சம்பிரதாயம்” என்பது ஒன்று. “பையன் ஏதாவது செய்துவிட்டால் என் நிலம் போய்விடும்” என்பது மற்றொன்று. இரண்டுமே தவறான விடைகள்.

பிணைமுறி என்று சட்டத் தமிழிலும், ஜாமீன் பத்திரம் என்று பேச்சு வழக்கிலும் வழங்கும் அந்தத் தாள் ஓர் உடன்படிக்கை. அதனால் எழும் கடமைகளுக்கு எல்லை உண்டு. அவற்றை மீறினால் நேரும் விளைவுக்கும், அவற்றிலிருந்து விலகுவதற்கும் வழிமுறைகள் உண்டு. இந்த எல்லைகளை அறியாததால் கையெழுத்திட்டவர் நட்டப்படுகிறார். கையெழுத்திடத் தயங்குபவர் ஒதுங்கிக் கொள்கிறார். பிணை ஆணை கிடைத்த பின்னும் ஏழை ஒருவர் சிறையிலேயே இருக்க நேரிடுகிறது. ஆதலால் அந்தத் தாளை வரிவரியாகப் படித்துப் பார்ப்பது பயனுடையதாகும்.

ஒரே தாளில் இரண்டு உறுதிமொழிகள்

1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. பிரிவுகளின் எண்கள் மாறியுள்ளன; பிணையாளரைப் பற்றிய விதிகளின் சாரம் பெரும்பாலும் மாறவில்லை. பிணையாளருடன் கூடிய உறுதிமொழியைப் பிணைமுறி என்றும், பிணையாளர் இன்றிக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மட்டும் எழுதித் தரும் உறுதிமொழியை முறி என்றும் புதிய சட்டம் வேறுபடுத்தி வரையறுத்துள்ளது. முறியைச் சொந்தப் பிணை என்று பொதுமக்கள் சொல்வார்கள்.

சட்டத்தின் அட்டவணையில் கண்டுள்ள படிவத்தில் இரு பகுதிகள் உள்ளன. முதற்பகுதி குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. புலனாய்வோ விசாரணையோ நடைபெறும் ஒவ்வொரு நாளும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி முன்போ நீதிமன்றத்தின் முன்போ தாம் வருவதாகவும், தவறினால் குறிப்பிட்ட தொகையை அரசுக்கு இழப்பதாகவும் அவர் உறுதி கூறுகிறார். இரண்டாம் பகுதி பிணையாளருடையது. இன்னார் ஒவ்வொரு நாளும் வருவார் என்பதற்குத் தாம் பிணை என்றும், அவர் தவறினால் இன்ன தொகையைத் தாம் அரசுக்கு இழப்பதாகவும் இவர் உறுதி கூறுகிறார்.

இவை ஒரே தாளில் மேலும் கீழுமாக இருப்பதால், ஒரு கடனுக்கு இருவர் பொறுப்பேற்பது போல் தோன்றும். உண்மை அதுவன்று. பிணையாளரின் உறுதிமொழி தனித்து நிற்பது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தம்முடைய முறியை எழுதித் தராதிருந்தாலும் பிணையாளரின் பொறுப்பு நீங்காது என்று உச்ச நீதிமன்றம் 1979இல் ராம்லால் வழக்கில் கூறியது. இருவரின் பொறுப்பும் வெவ்வேறானவை என்பதை 1999இல் முகமது குஞ்ஞு வழக்கிலும் அது வலியுறுத்தியது. ஆகவே முறியில் ரூ.15,000 என்று எழுதியிருந்தால் அதனை இருவரும் பாதி பாதியாகப் பங்கிட்டுக் கொள்ளலாம் என்று பிணையாளர் கருதக்கூடாது. அவரவர் எழுதித் தந்த முழுத் தொகைக்கும் அவரவர் பொறுப்பாவர்.

வங்கிக் கடனுக்கு நிற்கும் பிணையோடு இதை ஒப்பிட்டால் மற்றொரு வேறுபாடும் விளங்கும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, கடனுக்குப் பிணை நிற்பவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவாகும். நீதிமன்றப் பிணையில் அவ்வாறு இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் தண்டனை பெற்றால் பிணையாளர் அதில் பங்கேற்பதில்லை. அபராதம் விதிக்கப்பட்டால் அதைக் கட்ட வேண்டியவரும் இவரல்லர். அவர் விற்பது, வாங்குவது, கடன்படுவது எதற்கும் இவர் பொறுப்பில்லை. இவர் பொறுப்பேற்பது ஒரு மனிதர் நீதிமன்றத்திற்கு வருவதற்கு மட்டுமே.

ஏற்கும் கடமைகள்

பிணையாளர் ஏற்கும் கடமைகளை வகைப்படுத்தினால் அவை நான்காக அமையும்.

முதலாவது, வருகைக்கு உறுதி. “ஒவ்வொரு நாளும்” என்ற சொல்லே இதில் முதன்மையானது. முதல் வாய்தாவுக்கு அழைத்து வந்ததோடு கடமை முடிந்து விடுவதில்லை. நீதிபதி விடுப்பில் இருந்ததால் வழக்கு தள்ளிவைக்கப்பட்டால் அடுத்த நாளும், சாட்சி வராததால் தள்ளிவைக்கப்பட்டால் அதற்கடுத்த நாளும் இந்தக் கடமை தொடரும். வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்திற்கு அனுப்பப்படக் கூடியதாயின், அழைக்கப்படும்போது அங்கும் முன்னிலையாக வேண்டும் என்பதை முறியில் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. ஒவ்வொரு வாய்தாவையும் பிணையாளருக்குத் தனியே தெரிவிக்கும் வழக்கம் நீதிமன்றங்களில் இல்லை. நாளைக் கேட்டறிந்து வைத்துக்கொள்வது அவருடைய வேலை.

இரண்டாவது, முறியில் எழுதப்பட்ட நிபந்தனைகள். பிணை வழங்கும்போது நீதிமன்றம் நிபந்தனை ஏதேனும் விதித்தால் அது முறியிலும் இடம்பெற வேண்டும் என்பது சட்டம். வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்திடுவது, அனுமதியின்றி வெளிநாடு செல்லாதிருப்பது போன்றவை இவ்வகையின. இவற்றில் எவை குற்றஞ்சாட்டப்பட்டவரின் உறுதிமொழியில் மட்டும் உள்ளன, எவை பிணையாளரின் உறுதிமொழியிலும் உள்ளன என்பதைக் கையெழுத்திடும் முன்பே பார்த்துக் கொள்ளுதல் வேண்டும். பிணையாளரைக் கட்டுப்படுத்துவது அவர் எழுதித் தந்த வாசகமே.

மூன்றாவது, பணப் பொறுப்பு. இதில்தான் மயக்கம் மிகுதி. பிணைமுறி எழுதும் நாளில் பிணையாளர் எந்தத் தொகையையும் செலுத்துவதில்லை. ரூ.15,000 என்பது வைப்புத் தொகையன்று. கடமை தவறினால் மட்டும் எழக்கூடிய பொறுப்பின் உச்சவரம்பு. அவர் காட்டும் நிலப் பட்டாவோ வீட்டு வரி ரசீதோ அவருக்கு வசதி உண்டு என்பதற்குச் சான்றேயன்றி, அதுவே விற்பனைப் பத்திரமோ அடமானப் பத்திரமோ ஆகாது. அந்தத் தொகையும் வழக்கின் தன்மைக்கு ஏற்றதாக, மிகையற்றதாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை.

நான்காவது, உண்மை கூறும் கடமை. 2005ஆம் ஆண்டின் திருத்தத்தால் பழைய சட்டத்தில் சேர்க்கப்பட்டு, இப்போது புதிய சட்டத்தின் 486ஆம் பிரிவாக உள்ள விதியின்படி, இந்த வழக்கையும் சேர்த்து எத்தனை பேருக்குத் தாம் பிணை நிற்கிறார் என்பதை, தேவையான விவரங்களுடன் ஒவ்வொரு பிணையாளரும் நீதிமன்றத்தில் அறிவிக்க வேண்டும். ஒரே நிலத்தைக் காட்டிப் பத்து நீதிமன்றங்களில் பத்துப் பேருக்குக் கையெழுத்திடுவோரைக் கண்டறிய ஏற்பட்ட விதி இது. ஒருவருக்கு மேல் பிணை நிற்கவே கூடாது என்பது இதன் பொருளன்று. மறைக்கக் கூடாது என்பதே பொருள்.

இவ்வளவு கடமைகளுக்கு நேரே பிணையாளருக்குள்ள அதிகாரம் என்ன? குற்றஞ்சாட்டப்பட்டவர் ஓடிவிடுவார் என்று அஞ்சினால் பிணையாளர் தாமே அவரைப் பிடித்துக் கட்டி வைக்க இந்தியச் சட்டம் அதிகாரம் அளிக்கவில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் கட்டணம் பெற்றுக்கொண்டு பிணை நிற்பதே ஒரு தொழிலாக அனுமதிக்கப்பட்டுள்ளது. அங்குத் தப்பியோடுபவரைத் தேடிப் பிடிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்திய முறை அதுவன்று. இங்குப் பிணையாளரின் கையில் உள்ளவை இரண்டே: குற்றஞ்சாட்டப்பட்டவரோடு தமக்குள்ள உறவின் செல்வாக்கு ஒன்று, நீதிமன்றத்தில் மனுச் செய்து விலகிக்கொள்ளும் உரிமை மற்றொன்று.

ஒரு வாய்தா தவறினால்

கடமை தவறும்போது என்ன நிகழ்கிறது என்பதை விளக்கத்துக்காக அமைத்த ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்க்கலாம். குஜராத்தின் சூரத் நகரிலுள்ள விசைத்தறிக் கூடங்களில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பெருந்தொகையினர் என்பது பலரும் அறிந்ததே. அவர்களுள் ஓர் இளைஞர், தறிக்கூடத்து அடிதடியொன்றில் மற்றொருவரின் கையை முறித்ததாகக் கைது செய்யப்படுகிறார் என்று கொள்வோம். கொடுங்காயம் விளைவித்தல் என்ற அக்குற்றம் பிணையில் விடத்தக்க குற்றம். ஆகவே பிணை பெறுவது அவருடைய உரிமை. மாஜிஸ்திரேட் எனப்படும் குற்றவியல் நடுவர் ரூ.15,000க்கு அவருடைய முறியும், அதே தொகைக்கு ஒரு பிணையாளரும் வேண்டும் என்று ஆணையிடுகிறார்.

அதே மாவட்டத்தைச் சேர்ந்தவரும், பதினைந்து ஆண்டுகளாகச் சூரத்தில் வாழ்பவரும், ஓர் அறை கொண்ட சொந்த வீடு உடையவருமான மூத்த தறித் தொழிலாளி ஒருவர் பிணை நிற்கிறார். ஏற்கெனவே தம் மருமகனுக்குப் பிணை நிற்பதையும் சேர்த்து, தாம் பிணை நிற்போர் இருவர் என்று அறிவிக்கிறார். நடுவர் அவருடைய பிரமாண வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்கிறார். தேவை என்று கருதியிருந்தால் நடுவர் தாமே விசாரித்தோ, கீழ்நிலை நடுவரைக் கொண்டு விசாரித்தோ அவருடைய தகுதியை முடிவு செய்திருக்கலாம்.

நான்கு வாய்தாக்கள் ஒழுங்காகக் கழிகின்றன. ஐந்தாவது நாளில் பெயர் கூப்பிடப்படும்போது இளைஞர் இல்லை. தாயின் நோய்ச் செய்தி கேட்டு, வழக்கறிஞருக்கும் தெரிவிக்காமல் இரண்டு நாட்களுக்கு முன் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். வரமுடியாத காரணத்தைக் கூறி வழக்கறிஞர் மூலம் ஒரு மனுத் தந்திருந்தால், அன்றைய வருகையிலிருந்து நடுவர் விலக்கு அளித்திருக்கக்கூடும். அந்த மனு இல்லாததுதான் இங்கு நேர்ந்த தவறு.

இனிப் படிகள் தொடங்குகின்றன. முறி மீறப்பட்டது என்று நடுவர் மனநிறைவு கொண்டு, அதற்கான ஆதாரத்தை எழுத்தில் பதிவு செய்து, முறி பறிமுதலாயிற்று என்று ஆணையிட வேண்டும். இது முதற்படி. இளைஞரைப் பிடித்து வரப் பிடியாணையும் பிறப்பிக்கப்படுகிறது. இரண்டாம் படியாக, தொகையைச் செலுத்துமாறு, அல்லது ஏன் செலுத்த வேண்டியதில்லை என்பதற்குக் காரணம் காட்டுமாறு பிணையாளருக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அவர் காட்டும் காரணம் போதுமானதன்று என்று முடிவு செய்த பின்னரே மூன்றாம் படியாகத் தொகையை வசூலிக்க இயலும். பிணையாளருக்குக் காரணம் காட்ட வாய்ப்பளிக்காமல் தொகையை வசூலிக்கக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1960இலேயே குலாம் மெஹ்தி வழக்கில் தெளிவுபடுத்தியது.

நடைமுறையில் பிழை நேர்வது இந்த இடத்தில்தான். வராத அன்றே பறிமுதலையும் வசூலையும் ஒரே வரியில் ஆணையிட்டுவிடுவது ஒரு பிழை. பறிமுதல் ஆணையே இல்லாமல் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு புறப்பட்டுவிடுவது மற்றொரு பிழை. பிணையாளர் குடிமாறிய பின்னும் பழைய முகவரிக்கு அறிவிப்பு அனுப்பி, அது சேர்ந்ததாகவே கொள்வது இன்னொன்று. வழக்குக் கட்டைப் புரட்டுகிறவர் மூன்று தேதிகளைத் தேடினால் பிழை தெரிந்துவிடும். பறிமுதல் ஆணையின் தேதி, அறிவிப்பு சேர்ந்த தேதி, தொகை பற்றிய இறுதி ஆணையின் தேதி ஆகியவை அவை. இவை மூன்றும் வெவ்வேறாக, இந்த வரிசையில் இருக்க வேண்டும். இல்லையேல் செஷன்ஸ் நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யப் பிணையாளருக்கு நல்ல ஆதாரம் உண்டு.

நம் எடுத்துக்காட்டில் பிணையாளர் அறிவிப்பைப் புறக்கணிக்கவில்லை. உடனே ஊருக்குத் தொலைபேசியில் பேசுகிறார். பதினெட்டாம் நாள் இளைஞரைத் தாமே நீதிமன்றத்திற்கு அழைத்து வருகிறார். தாயின் மருத்துவமனைச் சீட்டையும் ரயில் பயணச் சீட்டையும் மனுவுடன் இணைக்கிறார். காரணங்களைப் பதிவு செய்து தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. வராமை வேண்டுமென்றே நேர்ந்ததன்று, பிணையாளர் முயன்று அழைத்து வந்தார், வழக்குக்குப் பெருங்கேடு நேரவில்லை என்பவற்றைக் குறிப்பிட்டு ரூ.12,000ஐத் தள்ளுபடி செய்து ரூ.3,000 மட்டும் செலுத்துமாறு நடுவர் ஆணையிடுகிறார். அறிவிப்புக்கு விடையே அளிக்காமல் இருந்திருந்தால் முழுத் தொகையும் வந்து சேர்ந்திருக்கும்.

தொகையைச் செலுத்தாவிட்டால் என்ன ஆகும்? அபராதம் வசூலிக்கப்படும் முறையிலேயே, அதாவது அசையும் பொருள்களைச் சப்தி செய்தோ, ஆட்சியரின் மூலம் நிலவரிப் பாக்கியைப் போலவோ அது வசூலிக்கப்படலாம். அவ்வாறும் வசூலாகவில்லையெனில், பிணையாளரை ஆறு மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் நீதிமன்றம் ஆணையிடலாம். “வெறும் சம்பிரதாயம்” என்ற விடை எவ்வளவு தவறானது என்பதை இந்த விதி உணர்த்தும்.

இளைஞரின் நிலை என்ன? பறிமுதலான உடனே அவருடைய முறியும் பிணையாளரின் முறியும் ரத்தாகிவிடுகின்றன. வராமைக்குப் போதிய காரணம் இல்லை என்று நீதிமன்றம் கருதினால், அந்த வழக்கில் இனி அவரைச் சொந்தப் பிணையில் மட்டும் விட இயலாது. புதிய முறியும் புதிய பிணையும் தேவைப்படும். ஒரு மனுவுக்கான செலவை மிச்சப்படுத்தியதன் விலை இது.

விலகும் வழி

ஒருமுறை கையெழுத்திட்டால் வழக்கு முடியும் வரை மீட்சியில்லை என்ற அச்சம் பலரைப் பிணை நிற்கவிடாமல் தடுக்கிறது. சட்டம் அப்படிக் கட்டிப் போடவில்லை. புதிய சட்டத்தின் 489ஆம் பிரிவின்படி, பிணையாளர் எந்த நேரத்திலும் தம்மை விடுவிக்குமாறு நடுவரிடம் மனுச் செய்யலாம். அதன்மேல் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கொண்டுவரப் பிடியாணை பிறப்பிக்கப்படும். அவர் கொண்டுவரப்பட்டதும், அல்லது தாமாகவே வந்து சரணடைந்ததும், மனுச் செய்தவரைப் பொறுத்த அளவில் முறி ரத்து செய்யப்படும். வேறு தகுந்த பிணையாளரைத் தருமாறு குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் கேட்கப்படும். தர இயலாவிடில் அவர் காவலுக்கு அனுப்பப்படலாம்.

இதில் காலம் முக்கியமானது. மனுக் கொடுத்ததனாலேயே பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தின் முன் வந்து, ஆணை பிறந்த பின்பே நீங்கும். அவர் தலைமறைவான பிறகு விலகல் மனுத் தருவது, பயிர் காய்ந்த பிறகு மதகைத் திறப்பது போன்றது. வேலையை விட்டுவிட்டார், வீட்டைக் காலி செய்துவிட்டார், தொலைபேசியை எடுப்பதில்லை என்ற அறிகுறிகள் தோன்றும்போதே மனுச் செய்வதே முறை.

முறி பறிமுதலாகும் முன்பே பிணையாளர் இறந்துவிட்டால் அவர் விட்டுச்சென்ற சொத்துக்கு அதனால் எழும் பொறுப்பு எதுவும் இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறு பிணை தர வேண்டியிருக்கும். “அப்பா போட்ட கையெழுத்தால் பிள்ளைகளுக்கு வில்லங்கம்” என்ற பேச்சுக்கு இந்த நிலையில் சட்டத்தில் இடமில்லை.

சொத்தா, உறவா?

யார் தகுந்த பிணையாளர் என்பதுதான் நடைமுறையில் மிகுந்த சிக்கலைத் தரும் கேள்வி. பிணையின் நோக்கம் வருகை. வருகையை உறுதிப்படுத்தக்கூடியவர் குற்றஞ்சாட்டப்பட்டவரை அறிந்தவர், அவரிடம் சொல் செல்லுபடியாகக்கூடியவர். ஆனால் அலுவலகப் பழக்கத்தில் தகுதி என்பது சொத்து என்றும், சொத்து என்பது அதே மாவட்டத்தில் உள்ள சொத்து என்றும் சுருங்கிவிடுகிறது. வட்டாட்சியரிடம் சொத்து மதிப்புச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வதும் அதன் விளைவே.

1978இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த மோதிராம் வழக்கு இதனைத் தெளிவாக்கியது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனாரான அவரைப் பிணையில் விட உச்ச நீதிமன்றமே ஆணையிட்டிருந்தது. தலைமைக் குற்றவியல் நடுவரோ ரூ.10,000க்குப் பிணையாளர் வேண்டும் என்றார். மோதிராமின் சகோதரர் பிணை நிற்க முன்வந்தபோது, அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகக் கூறி ஏற்க மறுத்தார். ஆணை கைக்கு வந்தும் மனிதர் வெளியே வர முடியவில்லை. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, மாவட்ட எல்லையைக் காரணமாகக் காட்டிப் பிணையாளரை மறுப்பதைக் கண்டித்தது. ரூ.1,000க்கு அவருடைய சொந்த முறியின் பேரில் விடுவிக்குமாறு ஆணையிட்டது. ஒரே நாட்டின் குடிமகன் தன் மாநிலத்திற்கு வெளியே கைதானால் அங்கே சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவான் என்பதே அத்தீர்ப்பு எழுப்பிய அடிப்படைக் கேள்வி.

இதில் பொருளாதார உண்மை ஒன்றும் அடங்கியிருக்கிறது. உறவுள்ள பிணையாளரை மறுத்துச் சொத்துள்ள பிணையாளரையே வேண்டினால், உறவில்லாத ஒருவர் விலைக்கு வருவார். நீதிமன்ற வாயிலில் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திடும் தொழில்முறைப் பிணையாளர் தோன்றுவது இப்படித்தான். அவர் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வீட்டையும் அறியார், ஊரையும் அறியார். முன்கூட்டியே பணம் பெற்றுக்கொண்டவர் அவரைத் தேடவும் மாட்டார். பிணைத் தொகையைப் பின்னர் ஈடுசெய்வதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் பிணையாளருக்கு எழுதித் தரும் ஒப்பந்தம் பொதுநலனுக்கு மாறானது, செல்லாது என்று நீதிமன்றங்கள் நெடுங்காலத்திற்கு முன்பே கருதியதன் காரணமும் இதுவே. இழப்பு தம்முடையதாக இருக்கும் வரையில்தான் பிணையாளருக்கு விழிப்பு இருக்கும். அதைப் பிறர் ஈடுசெய்துவிட்டால் முறி வெறும் தாளாகிவிடும். சொத்தை மட்டும் அளக்கும் சோதனை, கடைசியில் வருகையையும் உறுதி செய்வதில்லை. ஏழைக்கு விடுதலையையும் தருவதில்லை.

ஆணைக்கும் விடுதலைக்கும் இடையில்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி 2022ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இவர்கள் எல்லாரும் பிணையாளர் கிடைக்காதவர்கள் அல்லர். பலருக்குப் பிணையே மறுக்கப்பட்டிருக்கும். எனினும் பிணை ஆணை பெற்றும் வெளிவர இயலாதோர் ஒரு தனிப் பிரிவினராக இருப்பதை உச்ச நீதிமன்றம் கவனத்தில் கொண்டது.

2023 ஜனவரி 31இல் அது பிறப்பித்த வழிகாட்டுதல்களின்படி, பிணை ஆணையின் நகல் அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் மூலம் கைதிக்குச் சேர வேண்டும். ஏழு நாட்களுக்குள் அவர் விடுதலையாகாவிடில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் முறி தர இயலாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர்ப் பிணையாளரையே வேண்டும் என்று வற்புறுத்துவது தாமதத்திற்கு ஒரு காரணம் என்றும், அத்தகைய நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும் அதில் குறிப்பிடப்பட்டது. பிணையில் விடத்தக்க குற்றங்களில் இதற்கு முன்பே ஒரு பாதுகாப்பு உண்டு. கைதான நாளிலிருந்து ஒரு வாரத்திற்குள் பிணை தர இயலாதவரை வறியவர் என்றே கருதி, பிணையாளரின்றிச் சொந்த முறியில் விடச் சட்டம் வழிசெய்துள்ளது.

2024 ஆகஸ்டில் கிரீஷ் காந்தி வழக்கில் மற்றொரு முடிச்சு அவிழ்க்கப்பட்டது. பல மாநிலங்களில் பதின்மூன்று வழக்குகளில் பிணை பெற்ற அவரால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிணையாளர்களைத் தேட இயலவில்லை. நண்பரோ உறவினரோதான் பிணை நிற்பார், அந்த வட்டம் எவருக்கும் சிறியதே என்பதை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், ஒரே பிணையாளர்கள் பல வழக்குகளுக்கும் நிற்க அனுமதித்தது.

ஏழைக் கைதிகளுக்கு உதவும் மத்திய அரசின் திட்டத்திற்கு 2023இல் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள், விசாரணைக் கைதி ஒருவருக்காக ரூ.40,000 வரை நீதிமன்றத்தில் செலுத்த மாவட்டக் குழுவுக்கு அதிகாரம் அளித்தன. முறி எழுதித் தருவதற்குப் பதிலாகத் தொகையை வைப்பாகச் செலுத்தச் சட்டத்திலேயே இடம் உண்டு என்பதால் இது இயலுவதாகிறது. ஆனால் இதன் எல்லையையும் உணர வேண்டும். பணத்தை அரசு செலுத்தலாம். “இவர் வருவார், நான் இவரை அறிவேன்” என்று சொல்லும் ஒரு மனிதரை அரசு தர முடியாது. பணமில்லாமை மட்டும் தடையாக உள்ள இடத்தில் திட்டம் பயன்படும். நீதிமன்றம் ஆளையே வேண்டி நிற்குமானால், நிபந்தனையைத் தளர்த்துமாறு மனுச் செய்வதே வழியாகும்.

ஆகவே பிணைமுறியைக் கையாளும் அலுவலர் செய்யக்கூடியவை எளியவை. தாளில் தொகையும் வழக்கு எண்ணும் நிபந்தனைகளும் எழுதப்படுவதற்கு முன் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கக்கூடாது. கைநாட்டு வைப்பவருக்கு அவர் அறிந்த மொழியில் வாசகத்தைப் படித்துக் காட்ட வேண்டும். நகல் ஒன்றையும் அடுத்த வாய்தாவின் தேதியையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். தவறினால் என்ன நேரும், விலக விரும்பினால் எங்கே மனுத் தர வேண்டும் என்ற இரண்டையும் கூற வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். இந்த ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் சூரத் எடுத்துக்காட்டிலுள்ள தறித் தொழிலாளி, இளைஞர் ரயில் ஏறும் முன்பே வழக்கறிஞரிடம் ஓடியிருப்பார், ரூ.3,000 அவருடைய கையிலேயே இருந்திருக்கும். இளைஞருக்கும் இரண்டாவது பிணையாளரைத் தேடும் நிலை வந்திராது.